கூடுவாஞ்சேரிய சுத்தி நிலம் எப்படி மாறுச்சு: ஜியாகிரபி புராஜெக்ட் ரிப்போர்ட் முழுசா செய்யுறது எப்படி

லேண்ட் யூஸ் புராஜெக்ட்னாலே பசங்க எல்லாம் ஒரே மாதிரிதான் பண்றாங்க, ரெண்டு வருஷத்து சாட்டிலைட் படம் எடுப்பாங்க, கலர் கலரா மேப் போடுவாங்க, வயல் குறைஞ்சிருச்சு கட்டடம் கூடிருச்சுன்னு எழுதி பைண்டிங் பண்ணி குடுத்துடுவாங்க. அது ஜிஎஸ்டி ரோட்ல பஸ்ல போற யாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, அதுக்கு எதுக்கு புராஜெக்ட். சென்னை ஓரத்துல நிஜமா நடக்குறது வேற. வயல் நேரா வீடா மாறுறது கம்மி, நடுவுல அது பல வருஷம் சும்மா கிடக்கும், நட்டுக்கல்லு போட்டு, மண் ரோடு போட்டு, "நகர்"னு ஒரு ஆர்ச் வச்சு, ஆனா வீடு ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். மேல இருந்து பாக்குற சாட்டிலைட்டுக்கு அது தரிசு இல்லன்னா புதர். ஆனா நிலத்தோட உபயோகம் விவசாயத்துல இருந்து எப்பவோ போயிருச்சு. இந்த நடு நிலைமைய பிடிச்சா உங்க ரிப்போர்ட் தனியா நிக்கும், இந்த வழிகாட்டி முழுக்க அதை வச்சுதான்.

எடுத்துக்காட்டுக்கு கூடுவாஞ்சேரிய எடுத்துக்கிட்டேன். தாம்பரம் செங்கல்பட்டு ரயில் பாதை, பக்கத்துலயே ஜிஎஸ்டி ரோடு, நந்திவரம் ஏரி, ஒரு பக்கம் வண்டலூர், இன்னொரு பக்கம் பொத்தேரி மறைமலை நகர், 2021ல நகராட்சியா ஆச்சு, வளர்ற ஊருக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. கேளம்பாக்கம், திருவள்ளூர், பூந்தமல்லி எதுக்கும் இதே முறைதான், ஊர் பேரும் ஏரி பேரும்தான் மாறும்.

முதல்ல எல்லைய முடிவு பண்ணுங்க

நகராட்சி எல்லைய எடுக்காதீங்க. நீங்க பாக்கப் போறது ஊருக்கு வெளியில நடக்குற மாற்றம், எல்லைக்குள்ள மட்டும் பாத்தா ஏற்கனவே மாறி முடிஞ்ச இடம்தான் வரும். கூடுவாஞ்சேரி ரயில்வே ஸ்டேஷன மையமா வச்சு 5 கிலோமீட்டர் வட்டம் போடுங்க, அதை 1, 3, 5 கிலோமீட்டர்னு மூணு வளையமா பிரிச்சுக்கோங்க. மொத்தம் சுமார் 78.5 சதுர கிலோமீட்டர் வரும், உள் வட்டம் 3.1, நடு வளையம் 25.1, வெளி வளையம் 50.3. வளையங்களோட பரப்பு இவ்வளவு வித்தியாசமா இருக்குறதால பின்னாடி ஹெக்டேர வச்சு ஒண்ண ஒண்ணு ஒப்பிடாதீங்க, ஒவ்வொரு வளையத்துலயும் எத்தனை சதவீதம்னு பாருங்க.

க்யூஜிஐஎஸ்னு இருக்குற இலவச மேப் சாஃப்ட்வேர்ல வட்டம் போடுறதுக்கு முன்னாடியே எல்லா லேயரையும் EPSG:32644க்கு மாத்திடுங்க, அது சென்னைக்கு வர்ற, மீட்டர்ல அளக்குற யுடிஎம் 44 வடக்கு. இதை விட்டுட்டு டிகிரியிலயே 5னு பஃபர் போட்டா வட்டம் பாதி தென்னிந்தியாவையே மூடிரும், அது கூட பரவாயில்ல கண்ணுக்குத் தெரிஞ்சிரும், பரப்பு கணக்கு தப்பா வந்தா தெரியாது. பழைய நிலவரத்துக்கு சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட் 66 D/1 பாருங்க, கூடுவாஞ்சேரி அதுலதான் வருது. அதுல ஏரிங்களோட கரை, கால்வாய், குளம் எல்லாம் இருக்கும், ஏரி விஷயத்துல அது ரொம்ப உதவும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எந்த வருஷம், எந்த மாசம்

வருஷத்த சென்சஸோட ஒட்டி வையுங்க, 2001, 2011, அப்புறம் சமீபத்து வருஷம் ஒண்ணு. படம் earthexplorer.usgs.gov தளத்துல இலவசமா கிடைக்கும், சென்னை பக்கத்துக்கு பாத் 142, ரோ 51. 2001க்கு லேண்ட்சாட் 7, 2011க்கு லேண்ட்சாட் 5, இப்போதைக்கு லேண்ட்சாட் 8 இல்ல 9. 2003 மே கடைசியில லேண்ட்சாட் 7ல ஒரு பாகம் பழுதாயிருச்சு, அதுக்கப்புறம் வந்த படத்துல எல்லாம் கோடு கோடா வெத்து இடம் இருக்கும். லேண்ட்சாட் 5 2011 நவம்பரோட படம் எடுக்குறத நிறுத்திருச்சு, லேண்ட்சாட் 8 2013லதான் மேல போச்சு, அதனால 2012ன்னு ஒரு வருஷத்த மட்டும் தேர்ந்தெடுக்காதீங்க, கோடு போட்ட படத்தோட மல்லுக்கட்டணும்.

மாசம்தான் இதுல முக்கியமான விஷயம். நம்ம ஊருக்கு மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர், அப்ப மேகம், படம் கிடைக்கிறதே கஷ்டம். பிப்ரவரியில ஏரி நிறைஞ்சிருக்கும், நவரை நெல் பச்சையா நிக்கும், சம்பா அறுத்த வயல் காய்ஞ்சு கிடக்கும். மே மாசம் ஏரி வத்தி மண்ணு தெரியும், வயலும் பெரும்பாலும் பழுப்பு. ஒருத்தர் 2001க்கு பிப்ரவரி படமும் 2024க்கு மே படமும் எடுத்தா ஏரி பாதி காணாம போன மாதிரியும் வயல் எல்லாம் அழிஞ்ச மாதிரியும் ரிசல்ட் வரும், அது மாற்றமே இல்ல, சீசன். அதனால ஒவ்வொரு வருஷத்துக்கும் ரெண்டு படம் எடுங்க, பிப்ரவரி ஒண்ணு, மே ஒண்ணு. மழை கணக்கையும் பாத்துக்கோங்க, 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்த மாசங்களும் 2019 கோடை வறட்சியும் ஏரிய அளக்குறதுக்கு ஏத்த காலம் இல்ல.

ஒரு பிக்சல் எவ்வளவு பெருசுன்னு புரிஞ்சுக்கோங்க

லேண்ட்சாட் பிக்சல் 30க்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம்ம கிரவுண்டு கணக்குல 2400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். ஆக ஒரு பிக்சலுக்குள்ள நாலு கிரவுண்டு. அந்த நாலு கிரவுண்டுல ஒரே ஒரு வீடு இருந்து மிச்சம் மூணு காலியா இருந்தா அந்த பிக்சல் கட்டடம்னு வராது. லேஅவுட் மனையில வீடு இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு வர்ற ஆரம்ப காலத்த லேண்ட்சாட் பாக்கவே பாக்காது, நாலஞ்சு வருஷம் லேட்டாதான் சொல்லும். இதை ரிப்போர்ட்ல மெத்தட் பகுதியில எழுதுங்க, நிறைய பேர் எழுதுறதில்ல. சென்டினல் 2ல பிக்சல் 10 மீட்டர், அரை கிரவுண்டுக்கும் கம்மி, நல்லா இருக்கும், ஆனா 2015க்கு அப்புறம்தான் இருக்கு, அதனால பழசோட ஒப்பிட முடியாது. சமீபத்து வருஷத்த சரிபாக்க மட்டும் வச்சுக்கோங்க.

வகைகள்

அஞ்சு போதும். 1 வயல் தோப்பு, 2 காடு புதர், 3 நீர்நிலை, 4 மனை போட்ட நிலம், 5 கட்டடம் ரோடு. பன்னெண்டு வகை வச்சு மேப் போடுறவங்கள பாத்திருக்கேன், பாக்க அழகா இருக்கும், சரிபாத்தா பாதி தப்பு.

இதுல 1, 2, 3, 5 நாலையும் படத்துல இருந்து க்ளாசிஃபை பண்ணலாம். பச்சைக்கு NDVI, தண்ணிக்கு MNDWI, கட்டடத்துக்கு NDBIன்னு மூணு இண்டெக்ஸ் போட்டுப் பாத்துக்கிட்டா, கம்ப்யூட்டருக்கு மாதிரி காட்டுற டிரெய்னிங் இடம் தேர்ந்தெடுக்க சுலபம்:

```
NDVI  = (NIR - Red)   / (NIR + Red)
MNDWI = (Green - SWIR) / (Green + SWIR)
NDBI  = (SWIR - NIR)  / (SWIR + NIR)
```

பேண்டு நம்பர் லேண்ட்சாட் 5, 7ல பச்சை 2, சிவப்பு 3, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியான என்ஐஆர் 4, எஸ்வீர் 5. லேண்ட்சாட் 8, 9ல இதெல்லாம் ஒரு நம்பர் தள்ளி 3, 4, 5, 6. பழைய நம்பரையே புதுப் படத்துலயும் போட்டுட்டா என்டிவிஐல காடெல்லாம் கட்டடத்த விட கம்மி மதிப்பு காட்டும், அப்படி வந்தா உடனே பேண்டு நம்பர பாருங்க.

என்டிபிஐய கண்ண மூடிட்டு நம்பாதீங்க, நம்ம ஊர்ல காய்ஞ்ச வயலும் சிமெண்டு கூரையும் அதுல ஒரே மாதிரி வெளிச்சமா தெரியும். அதுக்குதான் ரெண்டு சீசன் படம். பிப்ரவரியில பச்சை, மே மாசத்துல பழுப்புன்னா வயல். ரெண்டுலயும் மாறாம இருந்தா கட்டடம். ரெண்டுலயும் பச்சைன்னா தோப்போ காடோன்னு தோணும், இங்கதான் கவனம் வேணும், காலியா விட்ட மனையில சீமைக்கருவேலம் வந்து மண்டிக் கிடக்கும், அது கோடையிலயும் பச்சையாவே இருக்கும். அதனால மேப்புல ஜிஎஸ்டி ரோட்டுக்குப் பக்கத்துல புதுசா காடு முளைச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, அது யாரோ வாங்கிப் போட்ட மனை. இதே மாதிரி ஏரியில ஆகாயத்தாமரை மூடியிருந்தா தண்ணி வயல் மாதிரி தெரியும்.

4வது வகை கம்ப்யூட்டர் தானா கண்டுபிடிக்காது, கையாலதான் வரையணும். கூகுள் எர்த் ப்ரோவ திறந்து பழைய படம் பாக்குற ஸ்லைடர பின்னாடி தள்ளுங்க. வரப்பு வளைஞ்சு நெளிஞ்சு போகும், லேஅவுட் ரோடு கட்டம் கட்டமா நேர்கோட்டுல இருக்கும், கண்ணு ஒரு தடவை பழகிட்டா விடாது. கட்டம் தெரிஞ்சு, பாதிக்கு மேல மனை காலியா இருந்தா 4, பாதிக்கு மேல வீடு வந்துட்டா 5ன்னு ஒரு விதி வச்சுக்கோங்க, அந்த விதிய ரிப்போர்ட்லயும் எழுதுங்க. ஒவ்வொரு லேஅவுட்டையும் பாலிகனா வரைஞ்சு, அதை ராஸ்டரா மாத்தி க்ளாசிஃபை பண்ண மேப்பு மேல 4ன்னு பதிச்சிருங்க. 2001க்கு இந்த மாதிரி தெளிவான படம் எல்லா இடத்துக்கும் கிடைக்காது, அதனால 4வது வகைய 2011, சமீபத்து வருஷம் ரெண்டுக்கு மட்டும் வையுங்க, 2001ல தரிசுன்னு மட்டும் குறிச்சு அப்படியே சொல்லிடுங்க.

ஃபீல்டு

லோக்கல் ட்ரெயின்ல போய் இறங்கி நடங்க, பைக்ல போனா நிறைய விட்டுடுவீங்க. க்யூஜிஐஎஸ்ல ஒவ்வொரு வகைக்கும் 50 ரேண்டம் பாயிண்ட் போட்டுக்கோங்க, மொத்தம் 250. அவ்வளவுக்கும் நேர்ல போக முடியாது, பெரும்பாலானத கூகுள் எர்த்துல சரிபாத்துட்டு குழப்பமானதுக்கு மட்டும் நேர்ல போங்க. குழப்பமானதுன்னா எப்பவும் 1க்கும் 4க்கும் நடுவுலதான் இருக்கும். நேர்ல போனா சுலபம், நட்டுக்கல்லு, கலர் அடிச்ச கொடி, புதருக்குள்ள மறைஞ்சு கிடக்குற தார் ரோடு இருந்தா மனை. பழைய கிணறு, பம்ப்செட் ரூம், உடைஞ்ச வாய்க்கால் இருந்தா அது முன்னாடி வயலா இருந்ததுக்கு சாட்சி, போட்டோ எடுத்துக்கோங்க, போன் லொகேஷன் ஆன்ல இருக்கட்டும்.

ஊர்க்காரங்ககிட்ட கேக்கும்போது "இங்க நிலப் பயன்பாடு எப்போ மாறுச்சு"ன்னு கேட்டா யாருக்கும் புரியாது. டீக்கடையில இருக்குற பெரியவர்கிட்ட "ஐயா, இந்த இடத்துல கடைசியா எப்போ நடவு நட்டாங்க"ன்னு கேளுங்க, "முதல் வீடு எப்போ வந்துச்சு"ன்னு கேளுங்க. வருஷம் ஞாபகம் இல்லன்னா சுனாமிக்கு முன்னாடியா பின்னாடியா, 2015 வெள்ளத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க. இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல இருக்குற வருஷம்தான் உங்களுக்கு வேணும், நிலம் எவ்வளவு காலம் சும்மா கிடந்துச்சுன்னு சாட்டிலைட் சொல்லாதத அவங்க சொல்லிடுவாங்க.

வி.ஏ.ஓ ஆபீஸ்ல அ-பதிவேடு பாக்க முடிஞ்சா பாருங்க. ஒரு சர்வே நம்பர் நஞ்சையா புஞ்சையா ஏரி புறம்போக்கான்னு அதுல இருக்கும். ஆனா இதுல ஒண்ணு, அஞ்சு வருஷமா வீடு நிக்கிற இடம் கூட பதிவேட்டுல நஞ்சைன்னே இருக்கலாம், அதனால அது இப்போ நிலம் என்ன நிலைமையில இருக்குன்னு காட்டுற ஆதாரம் இல்ல, முன்னாடி என்னவா இருந்துச்சுங்கறதுக்குத்தான் ஆதாரம்.

சரிபாக்குறது

மொத்தம் 84 சதவீதம் சரின்னு ஒரு நம்பர எழுதிட்டு போயிடாதீங்க. கீழ வர்ற எண்ணெல்லாம் கணக்கு காட்ட நானே போட்டது, உங்க ரிப்போர்ட்ல எடுத்து ஒட்டாதீங்க. மேப்பு 5ன்னு சொன்ன 50 பாயிண்ட்ல 46 சரின்னு வச்சுக்கோங்க, 4ன்னு சொன்ன 50ல 31தான் சரி, 12 நிஜத்துல வயல், 7 வீடு. மொத்த சதவீதத்துல இது மறைஞ்சிரும், ஆனா உங்க ரிப்போர்ட்டோட கதையே 4வது வகைதான், அதுவே 62 சதவீதம்தான் சரின்னா மத்தது எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அப்ப அந்த 12 எங்க இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு போகம் விட்டுட்ட வயலா இருக்கும், திரும்ப கூகுள் எர்த்துல போய் பாலிகன திருத்துங்க, திருத்தின பிறகு புது பாயிண்ட் போட்டு மறுபடி சரிபாருங்க, பழைய பாயிண்டையே வச்சு சரிபாத்தா அது ஏமாத்து.

மாற்றத்த எடுக்குறது

க்யூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டர்ல ஒரே வரி:

```
"lulc2011@1" * 10 + "lulc2024@1"
```

பழைய வகை முதல் இலக்கம், புது வகை ரெண்டாவது இலக்கம். 14ன்னா வயல் மனையாச்சு, 45ன்னா மனை வீடாச்சு, 15ன்னா வயல் நேரா வீடாச்சு. அப்புறம் Raster layer unique values report ஓட்டினா ஒவ்வொரு ரெண்டு இலக்க எண்ணுக்கும் பரப்பு குடுத்துடும். அது சதுர மீட்டர்ல வரும், 10000ஆல வகுத்தா ஹெக்டேர்.

முதல்ல நடக்கவே முடியாத மாற்றத்தக் காட்டுற எண் எதுன்னு பாருங்க. 51, வீடு திரும்ப வயலாச்சுன்னு கணிசமா வந்தா அது க்ளாசிஃபிகேஷன் தப்பு, 2011 மேப்புல காய்ஞ்ச வயல கட்டடம்னு எடுத்திருப்பீங்க. 41ம் அப்படித்தான், கொஞ்சம் வரலாம், லேஅவுட்ல சிலர் வேர்க்கடலை போடுறாங்க, நிறைய வந்தா சந்தேகப்படணும். 35, நீர் வீடாச்சு, இதை ஒவ்வொரு துண்டா கண்ணால பாக்காம ரிப்போர்ட்ல எழுதாதீங்க, ஏரி ஆக்கிரமிப்புன்னு எழுதுறது சாதாரண விஷயம் இல்ல. தண்ணி பிக்சல் குறைஞ்சா ஏரி குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, அதனால ஏரிய தண்ணிய வச்சு அளக்காம டோப்போஷீட்ல இருக்குற கரைய வரைஞ்சு அந்தக் கரைக்குள்ள கட்டடம் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன், மறுபடியும் என் எண்தான். 2011ல வயல் 3000 ஹெக்டேர். அதுல 1400 வயலாவே இருக்கு, 900 மனையாச்சு, 600 நேரா வீடாச்சு, 100 மத்தது. 2011ல மனை 1100. அதுல 650 வீடாச்சு, 400 இன்னும் காலி மனை, 50 திரும்ப வயல்.

சாதாரண முறையில ரெண்டு வருஷத்து மொத்தத்த மட்டும் கழிச்சா என்ன வரும், மனை 1100ல இருந்து 1300 ஆச்சு, 200தான் கூடுச்சு, பெருசா ஒண்ணும் நடக்கலன்னு தோணும். நிஜத்துல 700 அந்த வகையில இருந்து வெளிய போச்சு, 900 உள்ள வந்துச்சு. பேருந்து நிலையத்துல எப்பவும் அதே கூட்டம் நிக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா நிக்கிற ஆளுங்க வேற. அப்புறம் புதுசா வந்த கட்டடம் 1250ல 650, அதாவது 52 சதவீதம், வயல்ல இருந்து வரல, ஏற்கனவே மனையா இருந்த இடத்துல இருந்து வந்துச்சு. அந்த வயல் போனது 2011க்கு முன்னாடியே. 2011ல காலியா இருந்த மனையில 36 சதவீதம் பதிமூணு வருஷம் கழிச்சும் காலி. இந்த மூணு வாக்கியம்தான் உங்க ஃபைண்டிங்ஸ், இதையே வளையம் வாரியா பிரிச்சு ஸ்டேஷன் பக்கத்துல காலி மனை எவ்வளவு, 3 கிலோமீட்டர தாண்டி எவ்வளவுன்னு எழுதினா இன்னும் நல்லா இருக்கும்.

காரணம் எழுதும்போது

இந்தப் பகுதியிலதான் எல்லாரும் கற்பனைய ஓட விடுறாங்க. கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸ் வந்ததாலதான் எல்லாம் மாறுச்சுன்னு எழுதுவாங்க, அது திறந்தது 2023 டிசம்பர் கடைசியில, 2011ல இருந்து 2022 வரைக்கும் நடந்த மாற்றத்துக்கு திறப்பு எப்படி காரணமாகும். வேணும்னா அங்க வரப் போகுதுன்னு செய்தி வந்ததுல இருந்து விலை ஏறுச்சுன்னு சொல்லலாம், அப்படிச் சொன்னா வழிகாட்டி மதிப்பு எந்த வருஷம் எவ்வளவுன்னு பதிவுத்துறை தளத்துல எடுத்துக் காட்டணும்.

காரணத்துக்கு ஒரு நல்ல தேதி 2016. அந்த வருஷம் செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகள பத்திரம் பதியக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, அப்புறம் 2017ல வரன்முறைப்படுத்துற விதி வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிஞ்ச மனைகளுக்கு. வயல் மனையாகுற வேகம் இதுக்கு முன்னாடி பின்னாடி மாறுச்சான்னு கூகுள் எர்த்துல 2014, 2016, 2018, 2020ன்னு லேஅவுட்ட வரைஞ்சு பாத்தீங்கன்னா அது சொந்தமா ஒரு சின்ன கண்டுபிடிப்பு. ஒரே சமயத்துல மாறுச்சுங்கறதால அதுதான் காரணம்னு எழுதிடாதீங்க, அந்த நவம்பர்லயே பணமதிப்பிழப்பும் வந்துச்சு, ரெண்டையும் இந்த டேட்டாவ வச்சு பிரிக்க முடியாது, அதை அப்படியே எழுதிடுங்க.

ரிப்போர்ட்ல வரிசை

இடம் பத்தி ஒரு பக்கம் போதும், ஊரோட வரலாற்ற விக்கிபீடியாவுல இருந்து எடுத்து பத்து பக்கம் ரொப்பாதீங்க. மெத்தட்ல படத்தோட தேதி, சாட்டிலைட் பேரு, வகைகளோட விதி, பாதிக்கு மேல வீடு வந்தா 5ங்கற அந்த விதியும் சேத்து, எல்லாம் வேணும், வேற ஒருத்தர் அதைப் படிச்சிட்டு அதே மேப்ப போடணும். ஃபைண்டிங்ஸ்ல மாற்ற அட்டவணை, ஒரே ஒரு மாற்ற மேப்பு, 14, 15, 45 மூணுக்கும் மூணு கலர், மிச்சம் எல்லாம் வெளிர் சாம்பல். மேப்புல ஸ்கேல், வடக்கு, ஜிஎஸ்டி ரோடு, ரயில் பாதை, நந்திவரம் ஏரி பேரோட இருக்கணும். சரிபாத்த அட்டவணைய பின்னிணைப்புல ஒளிச்சு வைக்காம ஃபைண்டிங்ஸ்க்கு முன்னாடி போடுங்க, வைவாவுல முதல் கேள்வி அதுலதான் வரும், ரெண்டாவது கேள்வி பெரும்பாலும் ஏன் பிப்ரவரி மேன்னு இருக்கும்.